குழம்பு, எண்ணெய், மை: கறையின் அறிகுறியைப் பார்த்து நீக்கும் முறை

கறை நீக்கியை எடுப்பதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். துணியில் ஒட்டியிருக்கும் பொருள் எதில் கரையும் என்பது ஒன்று. அதைக் கரைக்கும் பொருளை அந்தத் துணியின் இழையும் சாயமும் தாங்குமா என்பது மற்றொன்று. வீட்டில் கெட்டுப்போகும் துணிகளில் பெரும்பாலானவை கறையினால் கெடுவதில்லை. முதல் கேள்விக்கு மட்டும் விடை கண்டு, இரண்டாவதை மறந்து ஊற்றிய மருந்தினால்தான் கெடுகின்றன. ஆகவே கறையின் பெயரை வைத்து மருந்து தேடாமல், அது துணியில் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பார்த்து, அதிலிருந்து வழி காணும் முறையை இங்கே சொல்கிறேன். குழம்புக் கறையைப் பற்றி அதிகம் சொல்லப்போகிறேன், ஏனெனில் நம் வீடுகளில் அதிகம் படுவதும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுதான்.

முதலில்: துணி எது, சாயம் நிற்குமா

சட்டையின் உட்புறத் தையலில் உள்ள துண்டுச் சீட்டில் துணியின் வகை எழுதியிருக்கும். சீட்டு இல்லாத புடவை, வேட்டி, தைத்து வாங்கிய ரவிக்கை போன்றவற்றில், தையல் மடிப்பிலிருந்தோ ஓரத்திலிருந்தோ ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தியும் ரேயானும் காகிதம் எரிவது போன்ற மணத்தோடு எரிந்து, தொட்டால் உதிரும் மென்மையான சாம்பலாகும். பட்டும் கம்பளியும் முடி கருகும் நாற்றம் தரும். நுனியில் உண்டாகும் கறுப்பு உருண்டை விரலால் நசுக்கினால் பொடியாகிவிடும். பாலியஸ்டர் உருகிச் சுருங்கும், ஆறியபின் அதன் நுனி நசுக்க முடியாத கெட்டி மணியாக நிற்கும். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணியில் இரண்டு அடையாளங்களும் சேர்ந்து தெரியும்.

இதைத் தெரிந்துகொள்வது எதற்கு என்றால், பட்டும் கம்பளியும் புரத இழைகள். குளோரின் ப்ளீச் அவற்றை மஞ்சளாக்கி அரித்துவிடும். கறையில் உள்ள புரதத்தைச் சிதைப்பதற்காக டிடர்ஜென்ட் தூளில் சேர்க்கப்படும் நொதிகளும் இழையின் புரதத்தையே மெல்லத் தின்னும். ரேயான் நனைந்தால் வலுவிழக்கும் துணி. அதைத் தேய்த்தால் கறை போவதற்குள் துணி பிசிறடித்துவிடும். எலாஸ்டிக் இழை கலந்த துணிகளும் நைலானும் குளோரினைத் தாங்காது. வெறும் வெள்ளைப் பருத்தி மட்டுமே ஏறக்குறைய எல்லா மருந்தையும் தாங்கும்.

சாயம் நிற்குமா என்பதை அறிய, பயன்படுத்தப்போகும் நீக்கியில் ஒரு சொட்டை மடிப்பின் உட்புறத்தில் விட்டு, ஐந்து நிமிடம் கழித்து வெள்ளைத் துணியால் அழுத்தி எடுத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைத் துணியில் நிறம் ஏறியிருந்தாலோ, சொட்டு விட்ட இடம் வெளிறியிருந்தாலோ அந்த நீக்கி அந்தத் துணிக்கு ஆகாது. சுங்குடிப் புடவை போன்ற சாயமேற்றிய பருத்திகளில் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

அறிகுறி: சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை சிவந்துவிட்டது

குழம்புக் கறையில் சோப்பு தேய்த்தவுடன், மஞ்சளாக இருந்த இடம் செங்கல் நிறத்துக்கு மாறும். சோப்பு துணியைச் சுட்டுவிட்டது என்றோ, கறை நிலைத்துவிட்டது என்றோ பலர் அந்தக் கட்டத்தில் பயந்து, கையில் கிடைத்த ப்ளீச்சை ஊற்றிவிடுகிறார்கள். உண்மையில் அங்கே எதுவும் கெடவில்லை. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின், காரத்தன்மையுள்ள பொருளோடு சேர்ந்தால் சிவக்கும் இயல்புடையது. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பைக் கலந்ததும் சிவப்பது இதனால்தான். துணி சோப்பும் பெரும்பாலான டிடர்ஜென்ட் தூள்களும் காரத்தன்மை கொண்டவை என்பதால் அதே மாற்றம் துணியிலும் நிகழ்கிறது. நன்றாக அலசினால் மஞ்சள் திரும்பும்.

இந்த இயல்பையே ஒரு சோதனையாகவும் பயன்படுத்தலாம். பழைய துணியில் உள்ள பழுப்புச் சிவப்புக் கறை மஞ்சளா, இரும்புத் துருவா என்று தெரியாதபோது, அதில் ஒரு சொட்டு வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ விட்டுப் பாருங்கள். உடனே மஞ்சளாக மாறினால் அது குர்குமின். மாறாமல் அப்படியே இருந்தால் துருவாக இருக்கலாம். துருவின் மேல் குளோரின் ப்ளீச் படவே கூடாது, பட்டால் கறை இன்னும் ஆழமாகும். சோதனை முடிந்ததும் அந்த இடத்தைத் தண்ணீரில் நன்றாக அலசிவிட வேண்டும். குறிப்பாக அடுத்து ப்ளீச் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால், வினிகரோ எலுமிச்சையோ சிறிதும் மிஞ்சக் கூடாது, ஏனெனில் அமிலமும் குளோரின் ப்ளீச்சும் சேர்ந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிவரும்.

குர்குமினைப் பற்றி இன்னும் இரண்டு செய்திகள் தெரிந்தால் மீதி வழி தானாகவே விளங்கும். அது தண்ணீரில் கரையாது. எண்ணெயிலும் ஆல்கஹாலிலும் கரையும். அதனால்தான் குழம்பின் எண்ணெயே அதை இழைக்குள் சுமந்து செல்கிறது, தண்ணீரில் எவ்வளவு அலசினாலும் நிறம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இரண்டாவதாக, அது வெயிலில் சிதைந்து நிறமிழக்கும். மஞ்சள் சாயம் தோய்த்த துணி சீக்கிரம் வெளிறுவது சாயத்தொழிலில் ஒரு குறை. கறை நீக்குபவருக்கு அதுவே பெரிய உதவி.

எனவே குழம்புக் கறையை ஒரே கறையாகக் கருதாமல் இரண்டு அடுக்குகளாகக் கருத வேண்டும். மேலே எண்ணெய், அதற்குள் நிறம். எண்ணெயை எடுக்காமல் நிறத்தின் மேல் ப்ளீச்சையோ வெயிலையோ செலுத்தினால், எண்ணெய்ப் படலம் நிறத்தைப் பாதுகாத்துக்கொண்டே இருக்கும். மிளகாயின் சிவப்பு எண்ணெயோடு ஒட்டிக்கொள்வது, ஆகவே எண்ணெய் போகும்போது அதில் பெரும்பகுதி போய்விடும். கடைசியில் மிஞ்சி நிற்பது ஏறக்குறைய எப்போதும் மஞ்சள்தான்.

ஒரு வேட்டியை முழுதாகப் பார்ப்போம்

கல்யாணப் பந்தியில் சாம்பார் சிந்திய எட்டு முழ வெள்ளைப் பருத்தி வேட்டி ஒன்று, இரவு முழுவதும் மடித்துக் கிடந்து, மறுநாள் காலையில் துவைக்க வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளங்கை அளவு கறை. நடுவில் காய்ந்த பருப்பு, சுற்றிலும் மஞ்சள், விளிம்பில் எண்ணெய் ஊறிய வளையம். கறையிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பச்சைக் கரை, அதில் ஜரிகை இல்லை.

முதலில் காய்ந்த பருப்பைக் கரண்டியின் முனையாலோ பழைய அட்டையாலோ சுரண்டி எடுக்க வேண்டும். ஈரத் துணியால் துடைத்தால் அது பரவும். பிறகு கறை பட்ட இடத்தைத் தலைகீழாகப் பிடித்து, பின்புறத்திலிருந்து குழாய்த் தண்ணீர் ஓடும்படி வைக்க வேண்டும். முன்புறத்தில் தண்ணீர் விட்டால் பருப்பும் நிறமும் இழைக்குள் தள்ளப்படும். இந்தக் கட்டத்தில் வெந்நீர் வேண்டாம். பருப்பின் புரதம் சூட்டில் இறுகிப்போகும். கறி, முட்டை, தயிர் சேர்ந்த குழம்பு என்றால் இது இன்னும் முக்கியம்.

அடுத்து எண்ணெய். பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு தேக்கரண்டி அளவை, ஈரத்தைப் பிழிந்த கறையின் மேல் ஊற்றி, விரலால் மெல்லப் பரப்பிப் பத்து நிமிடம் விட வேண்டும். அடுப்படி எண்ணெயைப் பிரிப்பதற்கென்றே தயாராவது என்பதால் துணி சோப்பைவிட இது இங்கே நன்றாக வேலை செய்யும். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் உள்ள வீடுகளில் இந்த வேறுபாடு கூடுதலாகத் தெரியும். சாதாரண சோப்பு அந்தத் தண்ணீரோடு சேர்ந்து சாம்பல் நிறக் கசடாகப் படியும், திரவம் அப்படிப் படியாது. பத்து நிமிடம் கழித்து வெதுவெதுப்பான நீரில் அலச வேண்டும். அலசி, நிழலில் காயவைத்தபின் துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால், எண்ணெய் மிஞ்சிய இடம் சுற்றியுள்ள துணியைவிடக் கண்ணாடி போல் ஒளி ஊடுருவக்கூடியதாகத் தெரியும். தெரிந்தால் திரவத்தை மறுபடியும் போட வேண்டும். தெரியாமல், மஞ்சள் மட்டும் மங்கலாக இருந்தால் அடுத்த அடுக்குக்குப் போகலாம்.

இப்போது வெயில். மறுபடியும் நனைத்து, பிழிந்த ஈரத்தோடு, கறை மேலே பார்க்கும்படி நேரடி வெயிலில் விரிக்க வேண்டும். காலை பத்து மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரையான வெயில் போதும். காய்ந்துவிட்டால் மறுபடியும் தண்ணீர் தெளிக்கலாம். சாம்பாரில் மஞ்சள் தூள் அளவோடு சேர்ந்திருந்தால், பருத்தியில் பெரும்பாலும் ஒரு நாள் வெயிலிலேயே மஞ்சள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வெளிறிவிடும். கோழிக் குழம்பு, மீன் குழம்பு போன்றவற்றில் மசாலா கெட்டியாக இருப்பதால் மறுநாளும் விரிக்க வேண்டிவரலாம்.

வெயில் இல்லாத மழைக்காலத்தில், அல்லது வெயிலுக்குப் பின்னும் மஞ்சள் மிஞ்சினால், ஆக்சிஜன் ப்ளீச் எடுக்க வேண்டும். சோடியம் பெர்கார்பனேட் என்னும் வெள்ளைத் தூள்தான் இது. டப்பாவில் உள்ள பொருள்களின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். தண்ணீரில் கரைந்ததும் ஹைட்ரஜன் பெராக்சைடை வெளியிடும் இந்தத் தூள் வெந்நீரில்தான் வேகமாக வேலை செய்யும். கொதிக்கும் தண்ணீர் ஒரு பங்கும் குழாய்த் தண்ணீர் இரண்டு பங்கும் கலந்தால் ஏறக்குறைய 50 டிகிரி கிடைக்கும். ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி தூள் போட்டு, கறை உள்ள பகுதியை மட்டும் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். இந்தக் கரைசலும் காரத்தன்மை உடையது என்பதால், மிஞ்சிய மஞ்சள் முதலில் சிவந்து, பிறகு மெல்ல மறையும். பச்சைக் கரையை முன்பே சோதித்துப் பார்த்திருக்க வேண்டும்; சோதிக்கவில்லை என்றால் கரையை வெளியே விட்டுக் கறையை மட்டும் கிண்ணத்தில் அமிழ்த்தலாம். மீந்த கரைசலை மூடிய புட்டியில் எடுத்து வைக்கக் கூடாது. வாயு பெருகிப் புட்டி வெடிக்கும்.

குளோரின் ப்ளீச் இந்த வேட்டியிலும் வேலை செய்யும், அதுவும் சில நிமிடங்களில். ஆனால் அதைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்கிறேன். வெள்ளைப் பருத்தி, சாயக் கரையில்லாத இடம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் போகாத அளவு, ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாத நேரம் ஆகிய நான்கும் சேர்ந்து அமைந்தால் மட்டுமே எடுக்கலாம். ப்ளீச்சிங் பவுடரை நேரடியாகத் துணியில் தூவுவதை எந்தத் துணியிலும் செய்யக் கூடாது. கரையாத துகள் ஒட்டிய இடங்களில் இழை அரித்து, இரண்டு மூன்று சலவைக்குப் பிறகு அந்த இடத்தில் சிறு ஓட்டைகள் விழும்.

அதே குழம்பு, வேறு துணி

நிறமுள்ள பருத்திச் சட்டை என்றால் எண்ணெய் நீக்கும் கட்டம் வரை மாற்றம் இல்லை. வெயிலில் விரிக்கும்போது, துணியின் சாயத்தைவிட மஞ்சள் மிக வேகமாக வெளிறும் என்பதால் வெயிலைப் பயன்படுத்தலாம், ஆனால் சட்டையின் மற்ற பகுதியை மடித்து மறைத்து, கறை மட்டும் வெளியே தெரியும்படி வைத்துச் சில மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும்.

பாலியஸ்டரில் கதை வேறு. இந்த இழை எண்ணெயைப் பிரியமாகப் பற்றிக்கொள்ளும். சூடு பட்டால் குர்குமினும் அதற்குள் இறங்கி, உண்மையான சாயம் போலவே அமர்ந்துவிடும். ஆகவே பாலியஸ்டர் புடவையிலோ சட்டையிலோ குழம்பு பட்டால், மஞ்சள் முழுவதும் போகும் வரை கொதிநீரும் இஸ்திரியும் கூடாது. பாத்திரம் கழுவும் திரவத்துக்குப் பிறகு மிஞ்சும் மஞ்சளை, மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து, கீழே ஒரு வெள்ளைத் துணியை வைத்து ஒற்றி எடுக்கலாம். மஞ்சள் பஞ்சில் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். தெரியாமல் நின்றபின்தான் ஒற்றுவதை நிறுத்த வேண்டும்.

பட்டைப் பற்றிக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

அறிகுறி: துவைத்த துணி காய்ந்தபின் எண்ணெய்த் திட்டு மறுபடியும் தெரிகிறது

ஈரத்தில் துணி முழுவதுமே கருத்திருப்பதால் எண்ணெய் மிஞ்சியிருப்பது தெரியாது. காய்ந்தபின்தான் அந்த இடம் மட்டும் கருந்திட்டாக நிற்கும். சலவை இயந்திரத்திலிருந்து எடுத்ததும் கறை போய்விட்டது என்று நினைத்து இஸ்திரி போட்டுவிடுவதுதான் இங்கே நேரும் பெரிய இழப்பு. சூடு பட்டால் சூரியகாந்தி எண்ணெய், நல்லெண்ணெய் போன்றவை காற்றோடு சேர்ந்து மெல்ல இறுகிப் பிசினாகி, மஞ்சள் நிறம் பெறும். அப்படியான கறையை எந்தத் திரவத்தாலும் முழுமையாக எடுப்பது அரிது. தேங்காய் எண்ணெய் அவ்வளவு எளிதாக இறுகாது, ஆகவே சில வாரம் கழித்துக்கூட முயற்சி செய்யலாம். ஆனால் அது ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். மார்கழிக் காலைத் தண்ணீரிலோ உதகையின் குழாய்த் தண்ணீரிலோ தலையணை உறையில் ஊறிய தேங்காய் எண்ணெயைத் துவைத்தால் அது அசையாது. வெதுவெதுப்பான தண்ணீர் மட்டுமே அதை இளக்கும்.

காய்ந்த திட்டுக்கு, துணியை நனைக்காமலேயே பாத்திரம் கழுவும் திரவத்தைத் திட்டின் மேல் விட்டுத் தேய்க்க வேண்டும். முதலில் நனைத்துவிட்டால் இழையின் இடைவெளிகளைத் தண்ணீர் நிரப்பிக்கொண்டு திரவத்தை எண்ணெயிடம் நெருங்கவிடாது. இருபது நிமிடம் கழித்து, துணி தாங்கும் அளவுக்குச் சூடான நீரில் அலசலாம். பருத்திக்கு 50 டிகிரி வரை ஆகும், நிறத் துணிக்கும் பாலியஸ்டருக்கும் வெதுவெதுப்பு போதும். எண்ணெயைச் சிதைக்கும் நொதியுள்ள டிடர்ஜென்ட் தூள் கையில் இருந்தால் அதன் கரைசலில் அரை மணி நேரம் ஊறவைப்பது பழைய திட்டுகளுக்கு நல்ல பலன் தரும். அலசிய பின் நிழலில் காயவைத்து, வெளிச்சத்தில் பார்த்து உறுதிசெய்த பிறகே இஸ்திரி போட வேண்டும்.

சில நாள் கழித்து அதே இடம் சாம்பல் நிறமாக அழுக்கேறினால், எண்ணெய் போய்விட்டது, ஆனால் திரவம் சரியாக அலசப்படாமல் ஒட்டியிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். மிஞ்சிய திரவம் தூசியைப் பிடிக்கிறது. மறுபடியும் கறை நீக்கி போடத் தேவையில்லை. வெறும் தண்ணீரில் நுரை வருவது நிற்கும் வரை அலசினால் போதும்.

சைக்கிள் சங்கிலி, கதவுக் கீல் ஆகியவற்றின் கறுப்புக் கிரீஸில் எண்ணெயோடு நுண்ணிய கரித்துகளும் உலோகத் துகளும் இருக்கின்றன. எண்ணெயைக் கரைத்துவிட்டாலும் துகள் இழையில் சிக்கியே நிற்கும். ஆகவே திரவத்தைப் போட்டதும் பழைய மென்மையான பல் துலக்கியால் நூல் ஓடும் திசையிலேயே தேய்த்துத் துகளை வெளியே கொண்டுவர வேண்டும். ரேயானில் இப்படித் தேய்க்கக் கூடாது, தட்டி எடுப்பதோடு நின்றுவிட வேண்டும்.

அறிகுறி: மைக்கறை தண்ணீர் பட்டதும் பரவுகிறது, அல்லது அசையவே இல்லை

மைக்கறையில் பேனாவின் வகைதான் மருந்தைத் தீர்மானிக்கிறது. பேனா கையில் இல்லை என்றால், ஈரப் பஞ்சால் கறையின் ஓரத்தை மட்டும் தொட்டுப் பார்க்க வேண்டும். பஞ்சில் நிறம் ஏறினால் அது தண்ணீரில் கரையும் மை. ஊற்றுப் பேனா மை பெரும்பாலும் இப்படித்தான். ஏறவில்லை என்றால் வேறொரு பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து மறு ஓரத்தில் தொட வேண்டும். அதில் ஏறினால் பால்பாயின்ட் பேனாவோ மார்க்கரோ. இரண்டிலும் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் ஜெல் பேனா.

ஊற்றுப் பேனா மைக்குக் குளிர்ந்த நீரும் பொறுமையும் போதும். பின்புறத்திலிருந்து தண்ணீர் ஓடவிட்டு, வெளியேறும் நீர் தெளியும் வரை விட வேண்டும். பிறகு டிடர்ஜென்ட் திரவம். கழுவினால் போகும் வகை நீல மை வெள்ளைப் பருத்தியில் இத்தோடு முடிந்துவிடும். வெந்நீரில் தொடங்கினால் மையின் சாயம் இழையில் ஆழமாக ஏறிவிடும்.

பள்ளிச் சட்டையின் பையில் ஒழுகும் பால்பாயின்ட் மை எண்ணெய்த்தன்மையுள்ள ஊடகத்தில் கரைந்த சாயம். தண்ணீர் அதை அசைக்காது. ஆல்கஹால் உடனே கரைக்கும். இங்கே முறைதான் எல்லாம். சட்டைப் பைக்குள், பைக்கும் சட்டையின் மார்புப் பகுதிக்கும் இடையே மடித்த பழைய வெள்ளைத் துணியை வைக்க வேண்டும். இல்லையென்றால் பையில் இருந்த மை மார்புப் பகுதிக்கு இறங்கிவிடும். கறை அந்தத் துணியின் மேல் கவிழ்ந்திருக்க, பின்புறத்திலிருந்து ஸ்பிரிட்டைப் பஞ்சால் ஒற்ற வேண்டும். மை கீழே உள்ள துணிக்கு இறங்கும். அந்தத் துணியில் நிறம் ஏறிய இடத்தை ஒவ்வொரு முறையும் நகர்த்தி, புதிய வெள்ளைப் பகுதியைக் கறையின் அடியில் கொண்டுவர வேண்டும். நகர்த்தாமல் ஒற்றிக்கொண்டே இருந்தால், இறங்கிய மையே மீண்டும் மேலே ஏறும். கைக்குக் கிடைக்கும் சானிட்டைசரும் ஆல்கஹால் உள்ளதுதான், ஆனால் அதில் நிறமோ எண்ணெயோ சேர்ந்திருந்தால் புதிய கறை உண்டாகும். நிறமற்ற ஸ்பிரிட் மேல்.

கறையைச் சுற்றி வெளிறிய நீல வளையம் உண்டாகிவிட்டால், நடுவில் அதிகமாக ஸ்பிரிட்டை ஊற்றியிருக்கிறார்கள் என்று பொருள். கரைந்த மை ஈரம் பரவிய எல்லை வரை ஓடி, அங்கே காய்ந்து நிற்கிறது. இப்போது வளையத்தின் வெளி விளிம்பிலிருந்து தொடங்கி நடுவை நோக்கி, குறைந்த ஈரத்தோடு ஒற்றி வர வேண்டும். நிறம் வராமல் நின்றதும் பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவி அலசினால், மையின் எண்ணெய்ப் பகுதியும் போய்விடும்.

ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும். அடுப்பறையிலோ விளக்கு எரியும் இடத்திலோ இந்த வேலையைச் செய்யக் கூடாது. ஈரம் முழுவதும் உலர்ந்து, அலசி முடியும் வரை இஸ்திரி பெட்டியும் பக்கத்தில் வரக் கூடாது. ஸ்பிரிட் பட்ட துணியில் அலசாமல் குளோரின் ப்ளீச் போடுவதும் ஆபத்து, இரண்டும் சேர்ந்து தீங்கு தரும் ஆவிகளை உண்டாக்கும். ரப்பர் அச்சுப் படம் உள்ள பனியன்களில் ஸ்பிரிட் பட்டால் படம் பிசுபிசுத்துவிடும். பளபளப்பான கோட்டு உள்துணிகளில் சில அசிடேட் இழையால் ஆனவை. அவற்றில் நகப்பூச்சு நீக்கியில் உள்ள அசிட்டோன் பட்டால் துணியே கரைந்து ஓட்டை விழும். மைக்கு நகப்பூச்சு நீக்கியைப் பரிந்துரைப்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

பாலில் ஊறவைப்பது, பற்பசை தடவுவது ஆகியவற்றை நான் பரிந்துரைக்கவில்லை. பால் தன் கொழுப்பையும் புரதத்தையும் துணியில் விட்டுச் செல்கிறது. பற்பசையில் உள்ள தேய்க்கும் துகள் இழையைத்தான் தேய்க்கிறது.

ஜெல் பேனா மைதான் இவற்றில் கடினமானது. பல ஜெல் மைகளில் சாயத்துக்குப் பதிலாக நிறமித் துகள் இருக்கிறது, துகள் எந்தக் கரைப்பானிலும் கரையாது. டிடர்ஜென்ட் திரவத்தைப் போட்டு, மெல்லத் தட்டி, துகளை இழையிலிருந்து இளக்குவதுதான் செய்யக்கூடியது. பலமுறை செய்த பிறகும் சாம்பல் நிழல் மிஞ்சலாம். அந்த நிலையில் மேலும் வலுவான மருந்துக்குப் போவதில் பயன் இல்லை, ப்ளீச் சாயத்தைத்தான் வெளுக்கும், கரித்துகளை வெளுக்காது.

பட்டில் இவை பட்டால்

காஞ்சிபுரப் பட்டிலோ ஆரணிப் பட்டிலோ குழம்போ எண்ணெயோ பட்டால், தண்ணீர் விடுவதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பட்டில் தண்ணீர் பட்ட இடம் வட்டமான நீர்க்கறையாகத் தனியே தெரியும், ஜரிகை கறுக்கும். ஆகவே திடப்பொருளைச் சுரண்டி எடுத்து, ஈரத்தைக் காகிதத்தால் ஒற்றிய பின், எண்ணெயின் மேல் வாசனையற்ற டால்கம் பவுடரையோ சோள மாவையோ தடிமனாகத் தூவி, மேலே ஒரு காகிதத்தை வைத்துச் சில மணி நேரம் விட வேண்டும். பவுடர் எண்ணெயை உறிஞ்சிக் கட்டியாகும். மெல்ல உதறிவிட்டுப் புதிய பவுடரைத் தூவலாம். பவுடர் கட்டியாவது நின்றதும் உறிஞ்சுவதற்கு இனி எண்ணெய் இல்லை என்று பொருள்.

வெள்ளை அல்லது சந்தன நிறப் பட்டில், ஜரிகையிலிருந்து தள்ளியுள்ள மஞ்சளுக்கு மட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடை எடுக்கலாம். நம் மருந்துக்கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதக் கரைசல். அதைச் சம அளவு தண்ணீரோடு கலந்து, மறைவான இடத்தில் சோதித்த பிறகு, பஞ்சின் நுனியால் தொட்டு வைத்து, சில நிமிடத்தில் ஈரப் பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். அடர்ந்த நிறப் பட்டில் இதைச் செய்யக் கூடாது, மஞ்சளோடு சாயமும் வெளுத்துப்போகும். அதில் பவுடரோடு நிறுத்திவிட்டு, ட்ரை கிளீனிங் கடைக்குக் கொண்டுபோவதே சரி. அங்கே பயன்படுத்தும் கரைப்பான் தண்ணீர் இல்லாமலேயே எண்ணெயைக் கரைக்கும். கடையில் கொடுக்கும்போது கறை பட்ட இடத்தை நூலால் இரண்டு தையல் போட்டு அடையாளம் காட்டி, சிந்தியது என்ன, எந்த நாளில், வீட்டில் அதன் மேல் பவுடரைத் தவிர வேறு ஏதாவது போட்டீர்களா என்பதைச் சொல்ல வேண்டும். சோப்போ எலுமிச்சையோ ஏற்கெனவே பட்டிருந்தால் அவர்கள் முதலில் அதை நீக்கிவிட்டுத்தான் கறைக்குப் போக வேண்டும். அதை மறைத்தால், அவர்கள் போடும் முதல் சூட்டிலேயே அது பட்டில் நிலைத்துவிடும்.